எக்ஸாமுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பீரோ ஒழிச்ச பொண்ணு: ஒரு மத்தியானத்தோட நிகழ்வு ஆய்வு

செமஸ்டர் நேரத்துல என்கிட்ட கவுன்சலிங்குக்கு வர்ற பிள்ளைங்க சொல்ற விஷயங்கள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வரும். "மேம், வருஷம் பூரா தொடாத ஷெல்ஃப நேத்து உக்காந்து அடுக்கினேன், ஏன்னே தெரியல." பசங்களும் சொல்லுவாங்க, பொண்ணுங்களும் சொல்லுவாங்க. கட்டில நகர்த்திப் போட்டவங்க, ஃபேன் இறக்கைய துடைச்சவங்க, லேப்டாப்ல இருக்கிற ஃபோல்டர் எல்லாத்துக்கும் பேர் மாத்தினவங்கன்னு பல வகை. அதுல ஒரு பொண்ணோட ஒரே ஒரு மத்தியானத்த மட்டும் எடுத்து இங்க முழுசா எழுதுறேன், அடையாளம் தெரியாத மாதிரி சில விவரத்த மாத்தியிருக்கேன். இந்தக் கேஸ எடுத்ததுக்குக் காரணம், என்ன நடந்ததுன்னு நிமிஷ வாரியா ஞாபகத்துல இருந்து திரும்ப எடுக்க முடிஞ்சுது.

வேளச்சேரில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், அப்பா அம்மா ஒரு தம்பி. பொண்ணு அஞ்சாவது செமஸ்டர், இன்ஜினியரிங். மூணாவது செமஸ்டர்ல வெச்ச அரியர் ஒண்ணு பாக்கி, அண்ணா யுனிவர்சிட்டி பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அதே TPDE, அதாவது டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அஞ்சு யூனிட். பரீட்சைக்கு நடுவுல ரெண்டு நாள் லீவு. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி வாக்குல டேபிள்ல உக்காந்திருக்கா, ஃபூரியர் சீரிஸ் யூனிட்ட முடிச்சிடணும்னு. சாயங்காலம் ஆறரைக்கு அம்மா ஆஃபீஸ்ல இருந்து வந்து பாக்கும்போது ரூமே வேற மாதிரி இருக்கு, பீரோ ஒழிச்சு அடுக்கியாச்சு, டேபிள் ஜன்னல் பக்கம் போயாச்சு, பழைய பேப்பர்க்காரருக்குப் போடுறதுக்கு ரெண்டு மூட்டை வாசல்ல நிக்குது. புக்கு மட்டும் அதே பக்கத்துல திறந்தபடி கிடக்கு.

அம்மா கேட்ட கேள்வி, "போகிக்குப் பத்து தடவ சொன்னேனேடி, அப்ப ஒரு துணிய மடிச்சியா நீ?" இந்த ஆய்வுக்கே இதுதான் முக்கியமான சாட்சின்னு நான் நினைக்கிறேன். ஏன்னா நிறைய பேர் இத "அவ கொஞ்சம் சுத்தம் பாக்குற டைப்பு"ன்னு குணத்துல கொண்டு போய் வெச்சிடுவாங்க. குணம்னா போகிக்கு வந்திருக்கணும், ஆயுத பூஜைக்கு வந்திருக்கணும், விருந்தாளி வர்றப்ப வந்திருக்கணும். அப்பல்லாம் வரல. அழுக்கும் அன்னிக்கு திடீர்னு வந்தது இல்ல, அந்த பீரோ ஒரு வருஷமா அப்படித்தான் இருந்திருக்கு. அப்போ காரணம் பீரோலயும் இல்ல, அவ குணத்துலயும் இல்ல, அந்த ரெண்டு மணிக்கும் ஆறரைக்கும் நடுவுல எங்கயோ இருக்கு.

நான் அவகிட்ட "ஏன் கிளீன் பண்ணின"ன்னு கேக்கல. அந்தக் கேள்விக்கு வர்ற பதில் எப்பவுமே பின்னாடி யோசிச்சுச் செஞ்ச பதிலா இருக்கும், "ரூம் நீட்டா இருந்தாதான் படிப்பு ஏறும்"ங்கிற மாதிரி. அதுக்குப் பதிலா, சேர்ல இருந்து முதல் தடவ எந்திரிச்சியே, அதுக்கு முந்தின நிமிஷம் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு கேட்டேன். நோட்டையும் கொண்டு வரச் சொன்னேன், அன்னிக்குப் போட்ட கணக்கு அதுல அப்படியே இருக்கும் இல்லையா.

நோட்டுல இருந்தது இதுதான். முதல் கணக்கு சுலபமானது, முழுசாப் போட்டு விடை சரியா வந்திருக்கு. ரெண்டாவது ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ், f(x) = x(π − x), 0-ல இருந்து π வரைக்கும். பெர்னூலி ஃபார்முலா போட்டு இன்டிகிரேட் பண்ணி லிமிட் போடுற எடம் வரைக்கும் சரியா வந்திருக்கா. அங்க கீழ் லிமிட்ட கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டிட்டா. சரியான விடை இது:

```
b_n = 4[1 − (−1)^n] / (π n³)
```

இதுல n இரட்டைப்படையா இருந்தா பூஜ்யம், ஒற்றைப்படைக்கு மட்டும் மதிப்பு வரும். இவளுக்கு அந்தக் குறி மாறினதால நேர் தலைகீழா, ஒற்றைப்படை எல்லாம் பூஜ்யமாப் போச்சு. பின்னாடி விடையப் பாத்திருக்கா, ஒத்துப்போகல. மறுபடி போட்டிருக்கா, அதே தப்பு. மூணாவது தடவ பாதில பேனா நிக்குது, நோட்டுல அந்த வரி அப்படியே அந்தரத்துல நிக்குது, அதுக்குக் கீழ அன்னிக்கு ஒண்ணுமே இல்ல.

அந்த நிமிஷம் அவளுக்குத் தோணினத அவளே சொன்னா: "போன தடவையும் இந்த யூனிட்லதான் மேம் போச்சு." அதாவது மனசுல அப்ப ஓடினது குறி எங்க மாறுச்சுங்கிற கேள்வி இல்ல, திரும்பவும் அரியர் ஆகுமோ, ப்ளேஸ்மென்ட்டுக்கு உக்கார விடுவாங்களோ, அப்பாகிட்ட என்ன சொல்றதுங்கிற கூட்டம் மொத்தமா. ஒரு மைனஸ் சின்னத்துக்குப் பின்னாடி இவ்வளவும் வரிசை கட்டி நிக்குது. அடுத்து அவ செஞ்சது, பேனா சரியா எழுதலன்னு வேற பேனா தேட டிராயரத் திறந்தது. டிராயர்ல பழைய ஹால் டிக்கெட், ஜெராக்ஸ், தீர்ந்துபோன ரீஃபில், கோவில் குங்குமப் பொட்டலம். "இத மட்டும் எடுத்துப் போட்டுட்டு வந்துடலாம்"னு தோணியிருக்கு. டிராயர் முடிஞ்சதும் அதுல இருந்து எடுத்த சர்டிஃபிகேட் எல்லாம் பீரோல வெக்கணும், பீரோவத் திறந்தா துணி சரியுது. துணிய அடுக்கினா பழசெல்லாம் தனியா எடுக்கணும், அதுக்குக் கீழ எடம் வேணும், டேபிள நகத்தணும். நகத்தின எடத்துல ஒட்டடை.

இத நான் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன், டேபிள், டிராயர், பீரோ, ரூம், வாசல். ஒவ்வொண்ணும் புத்தகத்துல இருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி. படிக்கிறதுக்கு உதவணும்னு பண்ற சுத்தம் டேபிள்லயே முடிஞ்சிடும். இங்க வட்டம் பெருசாயிட்டே போகுது, ஒவ்வொரு வேலையும் முடியும்போது அடுத்த வேலைய அதுவே கொடுக்குது, திரும்ப வர்றதுக்கான எடமே வரல.

இப்ப காரணத்துக்கு வருவோம். வேலையத் தள்ளிப்போடுறதுன்னா நேரத்தப் பிரிக்கத் தெரியாத குறைன்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம் இருந்துச்சு, இப்பவும் வீட்டுல திட்டுறது அந்த மாதிரிதான், "டைம்டேபிள் போட்டுப் படி"ன்னு. ஆனா இந்தப் பொண்ணுகிட்ட டைம்டேபிள் இருந்துச்சு, சுவத்துல ஒட்டியே இருந்துச்சு, ஸ்கெட்ச்ல கலர் எல்லாம் போட்டு. ஃபூஷியா சிராய்ஸ், டிமதி பிச்சில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல எழுதின கட்டுரையில இத வேற மாதிரி வெக்கிறாங்க. தள்ளிப்போடுறது அடிப்படையில இப்ப இருக்கிற மோசமான மனநிலைய இப்பவே சரி பண்ணிக்கிற முயற்சி, அதோட விலைய நாளைக்கு இருக்கப்போற நாம கொடுக்கிறோம், அவ்வளவுதான்னு. அந்தப் பாடம் தர்ற பயத்துல இருந்து நம்ம விலகிப் போறோம், பாடம் அந்தப் பயத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கறதால அதையும் சேத்து விட்டுட்டுப் போறோம்.

இதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கு. டயேன் டைஸ் குழுவினர் 2001-ல வெளியிட்டது. கணக்குத் தேர்வு ஒண்ணு வரப்போகுது, பயிற்சி எடுக்க 15 நிமிஷம்னு சொல்லி மாணவர்கள ஒரு ரூம்ல விட்டாங்க, கவனத்த இழுக்கிற சாமானும் அங்க இருக்கு. அதுக்கு முன்னாடி சிலரோட மனச வேணும்னே வாட வெச்சாங்க. அந்த வாடினவங்கள்ல ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு வாசனை மெழுகுவத்திய ஏத்தி, இது எரியிறதால உங்க மூடு இனிமே கொஞ்ச நேரத்துக்கு மாறாதுன்னு நம்ப வெச்சாங்க. மாறும்னு நினைச்சவங்க படிக்காம அந்த விளையாட்டுச் சாமான்ல நேரத்தப் போக்கினாங்க. மாறாதுன்னு நம்பினவங்களுக்கு அந்தத் தள்ளிப்போடுறது வரல. ரெண்டு பேருக்கும் வருத்தம் ஒண்ணுதான். விளையாடினாலும் மனசு ஆறப்போறதில்லன்னு தெரிஞ்சா விளையாடப் போக ஒரு காரணமும் இல்ல. எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச சோதனை இது, சோம்பேறித்தனம்ங்கிற வார்த்தைய ஒரே மெழுகுவத்தியில தள்ளி வெச்சிருச்சு.

சரி, மனசு ஆறணும்னா ஃபோன் இருக்கே, ரீல்ஸ் இருக்கே, தூசி தும்மல்னு யாராவது பீரோவுக்குப் போவாங்களா? அந்தச் சோதனையில கூட இழுத்தது ஜாலியான சாமான்தான், போரடிக்கிற சாமான் வெச்சப்ப அப்படி இழுக்கல. ஒட்டடை அடிக்கிறது யாருக்கும் ஜாலி இல்ல. இந்த எடத்துல நான் சொல்றது பாதி என் அனுபவத்துல இருந்து வர்ற கணிப்புதான், ஆனா உறுதியா நம்புறேன். அவளுக்கு அப்ப வலிச்சது ரெண்டு எடத்துல. ஒண்ணு, நம்மால முடியலங்கிற பயம். இன்னொண்ணு, படிக்காம இருக்கோமேங்கிற குத்தல். ஃபோன எடுத்தா பயம் மறக்கும், குத்தல் இன்னும் ஏறும். சுத்தம் பண்றது ஒண்ணுதான் ரெண்டையும் ஒரே நேரத்துல தணிக்குது. வேர்த்து விறுவிறுத்து வேலை செய்றவள யாரும் சும்மா இருக்கான்னு சொல்ல முடியாது, அவளாலயும் அவளையே சொல்ல முடியாது. நம்ம வீடுகள்ல இதுக்குப் பலம் ஜாஸ்தி. ஃபோன் பாக்குற பொண்ண அம்மா உடனே கூப்பிடுவாங்க, பீரோ ஒழிக்கிற பொண்ணுக்குக் காஃபி போட்டுக் கொண்டு வந்து வெப்பாங்க. தம்பி நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வந்து எட்டிப் பாத்தப்பக் கூட, "அக்கா பிஸி"ன்னு அவனே கதவச் சாத்திட்டுப் போயிருக்கான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கணக்குல மூணு தடவ போட்டும் விடை வரல, எங்க தப்புன்னும் தெரியல. துணிய மடிச்சா மடிஞ்சிடுது, அடுக்கினா நிக்குது. எவ்வளவு செஞ்சா எவ்வளவு ஆகும்னு கண்ணு முன்னாடி தெரியுது, யாரும் வந்து மார்க் போடப் போறதில்ல. கட்டுப்பாடு கைய விட்டுப் போன மாதிரி இருக்கிறப்ப மனுஷங்க ஒழுங்கு, வரிசை, எல்லைன்னு இருக்கிற விஷயங்கள்ப் பக்கம் கூடுதலா சாயுறாங்கன்னு உளவியல்ல பல ஆய்வு இருக்கு. அவ மேல் தட்டுல சுடிதார கலர் வரிசையில அடுக்கியிருந்தா, அடர்த்தியில இருந்து வெளிறினது வரைக்கும். படிப்புக்கு அதால ஒரு உபயோகமும் கிடையாது, ஆனா அன்னிக்கு முழுசும் அவ கை சொன்னபடி கேட்டது அந்த ஒரு தட்டுதான்.

பதட்டத்துக்கும் துடைக்கிறதுக்கும் இன்னும் நேரடியான தொடர்பே இருக்கலாம். மார்ட்டின் லாங் குழுவினர் 2015-ல கரன்ட் பயாலஜி இதழ்ல ஒண்ணு வெளியிட்டாங்க. ஒரு கலைப்பொருளப் பத்திப் பேசணும்னு சொல்லிப் பதட்டத்த ஏத்தி விட்டாங்க, பேசுறதுக்கு முன்னாடி அந்தப் பொருள ஒரு துணியால துடைக்கச் சொன்னாங்க, கையில அசைவ அளக்கிற கருவி. பதட்டம் ஏறினவங்களோட கை ஒரே அசைவத் திரும்பத் திரும்பச் செஞ்சுது. நம்ம பொண்ணும் கண்ணாடிய மூணு தடவ துடைச்சதா சொன்னா, சுத்தமான பிறகும். இந்த ஒத்துமைய நான் ரொம்ப இழுக்க மாட்டேன், அது சோதனைக் கூடத்துல சில நிமிஷம், இது வீட்டுல நாலரை மணி நேரம்.

விலங்குகள்ல இதுக்குப் பக்கத்துல ஒரு விஷயத்த நிக்கோ டின்பெர்கன் (1973-ல நோபல் வாங்கினவர்) விவரிச்சிருக்கார். ஸ்டிக்கிள்பேக்னு ஒரு சின்ன மீன், ஆண் மீன் தன் எல்லைக்கோட்டுல எதிரிய சந்திக்கும்போது பாயவும் முடியாது ஓடவும் முடியாது, ரெண்டு வேகமும் சமமா இருக்கு. அந்த நேரம் அது தலைகீழா நின்னு மண்ணத் தோண்ட ஆரம்பிக்குது, கூடு கட்டுறதுக்குத் தோண்டுற அதே மாதிரி. அதுக்கான விளக்கத்துல பின்னாடி விவாதம் நிறைய வந்துச்சு, அது இருக்கட்டும். ரெண்டு பக்கமும் போக முடியாத நேரத்துல சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டு வேலை வெளிய வருதுங்கிற அளவுக்கு இந்தக் கேஸுக்கு அது பொருந்துது. அவளுக்கும் புக்க மூட முடியல, ஏன்னா நாளை மறுநாள் பரீட்சை. தொடவும் முடியல.

இதுக்கெல்லாம் எதிரா ஒரு நியாயமான வாதம் இருக்கு, அதையும் சொல்லணும். கண்ணு முன்னாடி கண்டதும் கிடந்தா கவனம் சிதறத்தான் செய்யும், மூளையில பல பொருள் ஒரே நேரத்துல இடத்துக்குப் போட்டி போடுதுன்னு 2011-லயே சபீன் காஸ்ட்னரோட ஆய்வுக்கூடத்துல காட்டியிருக்காங்க. அதனால டேபிள ஒழிச்சுட்டுப் படிக்க உக்காருறது தப்பே கிடையாது. எது தயாரிப்பு எது தப்பிக்கிறதுன்னு எப்படிப் பிரிக்கிறது? நான் பாக்குறது, முதல்ல அது எப்ப ஆரம்பிச்சுதுன்னு. உக்காருறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா பெரும்பாலும் தயாரிப்பு. நடுவுல, அதுவும் ஒரு வரி ஓடாம நின்ன எடத்துல ஆரம்பிச்சா கொஞ்சம் சந்தேகப்படணும். அப்புறம் வேலை கண்ணுக்குத் தெரியிற எடத்துல இருந்ததா இல்ல மூடின கதவுக்குப் பின்னாடி இருந்ததா. பீரோக்குள்ள இருக்கிற துணி யாரோட கவனத்தையும் கலைக்காது, கதவு மூடித்தானே இருந்துச்சு. கடைசியா, முடிச்சுட்டுப் புக்கத் தொடும்போது எப்படி இருக்குங்கிறது. தயாரிப்புன்னா கை லேசாப் போகும். அவ சொன்னது, "ஆறரைக்குப் பாத்தா முன்னாடிய விட பயமா இருந்துச்சு." நாலரை மணி நேரம் குறைஞ்சிருக்கு, மைனஸ் சின்னம் அதே எடத்துல உக்காந்திருக்கு, பயம் கூடாம என்ன பண்ணும்.

என்ன செஞ்சோம்? அந்த செமஸ்டர்லயே இன்னும் மூணு பேப்பர் பாக்கி இருந்ததால உடனே முயற்சி பண்ணிப் பாக்க முடிஞ்சுது. கிளீன் பண்ணாதேன்னு நான் சொல்லல, ஃபோன மட்டும் பிடுங்கினா எப்படி வேற வழி தேடுமோ அதேதான் இங்கயும் நடக்கும். பீட்டர் கோல்விட்சர் 1999-ல எழுதின ஒரு முறை உண்டு, "இப்படி ஆனா இதச் செய்வேன்"னு முன்கூட்டியே ஒரு வாக்கியமா முடிவு பண்ணி வெக்கிறது. படிப்பேன்னு பொதுவா உறுதி எடுக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, இது குறிப்பிட்ட ஒரு நிமிஷத்துக்கான முடிவு. அவளோட வாக்கியம் அவளே எழுதினது: "விடை ரெண்டு தடவ ஒத்து வரலைன்னா, அந்த வரிக்குப் பக்கத்துல கேள்விக்குறி போட்டுட்டு, அதே சேர்ல உக்காந்து அதே யூனிட்டோட ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு எழுதுவேன்." ரெண்டு மார்க் எதுக்குன்னா அது சட்டுனு முடியும், சரியான்னு உடனே தெரியும். துணி மடிக்கிறதுல கிடைச்ச அதே நிம்மதி, ஆனா புத்தகத்துக்குள்ளயே. கேள்விக்குறி போட்டதெல்லாம் சாயங்காலம் ஃப்ரெண்டுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புறது. ஹாஃப் ரேஞ்ச் கணக்கோட குறிய அந்த ஃப்ரெண்டு ஃபோன்லயே ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கா.

அம்மாகிட்டயும் ஒண்ணு சொன்னேன். திட்டவும் வேணாம், பாராட்டவும் வேணாம், அவ பீரோ பக்கம் நிக்கிறதப் பாத்தா "எந்தக் கணக்குலம்மா நிக்குற"ன்னு மட்டும் கேளுங்கன்னு. அம்மாவுக்கு ஃபூரியர் தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு அவசியமும் இல்ல.

விளைவ இருக்கிறபடியே எழுதுறேன். அடுத்த பேப்பருக்கு முந்தின நாளும் அவ எந்திரிச்சா, கிச்சன்ல மசாலா டப்பா எல்லாத்தையும் கழுவிக் கவுத்திருக்கா. ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப வந்துட்டா. அதுக்கடுத்த ரெண்டு பேப்பருக்கு எந்திரிக்கவே இல்லைன்னு சொன்னா, அதுல ஒண்ணு அவளுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், அதனால அத நான் கணக்குல சேக்கல. ஒரே ஆள், சில வாரம், இத வெச்சு முறை பலிக்குதுன்னு சொல்ல முடியாது.

ஒரு எல்லைய மட்டும் தெளிவா வெச்சுடுறேன். பரீட்சை இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் துடைச்சே ஆகணும், நிறுத்தினா ஏதோ கெட்டது நடந்துடும்ங்கிற எண்ணம் விடாம வருது, செய்றவங்களுக்கே அது வேதனையா இருக்குன்னா அது இந்தக் கட்டுரை சொல்ற விஷயம் இல்ல, அது ஓசிடியா இருக்கலாம், மனநல டாக்டர்கிட்ட காட்டணும். அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டா தமிழ்லயே பேசலாம். நம்ம பொண்ணோடது அது இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாள் அவ ரூமப் பத்தி அம்மாகிட்ட கேட்டேன். கட்டில் மேல துணி மலையா கிடக்குன்னாங்க, ஜன்னல் பக்கம் போன டேபிள் மேல தம்பியோட கிரிக்கெட் கிட்டு, அவளுக்கு அதப் பத்தி ஒரு கவலையும் இல்லையாம்.